மஞ்சள் பூசிய கழுத்தும் மூன்று கருவிகளும்

ஜூன் மாதம், கல்லூரிகள் திறக்கும் நேரம். ஒரு சிறு நகரத்துத் தோல் மருத்துவரின் அறைக்குள் தாயும் மகளும் நுழைகிறார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது. துப்பட்டாவை இழுத்துக் கழுத்தைச் சுற்றியிருக்கிறாள். அதை விலக்கினால் கழுத்திலும் தோளிலும் நெஞ்சின் மேற்பகுதியிலும் வெளிறிய திட்டுகள். சில மிளகளவு, சில பத்து ரூபாய் நாணய அளவு, சில ஒன்றோடொன்று சேர்ந்து தீவுகள் போலப் பரவியவை. அவற்றின் மேல் மஞ்சள் அப்பிக் கிடக்கிறது.

"டாக்டரம்மா, இது வெண்குஷ்டம் இல்லையே?" உட்காரும் முன்பே தாய் கேட்டுவிடுகிறார்.

பல நோயாளிகளிடம் காணப்படுவதை இங்கே ஒருத்தியிடம் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் தாயின் கேள்வியில் கற்பனை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் தோல் மருத்துவரின் அறையில் மிகுதியாகக் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு நோய்கள் கலந்து கிடப்பதுதான் வேதனை. வெண்புள்ளி என்பது தோலின் நிறமி செல்கள் அழிவதால் வருவது, யாருக்கும் தொற்றாது. தொழுநோய் என்பது நரம்புகளையும் தோலையும் தாக்கும் ஒரு கிருமியால் வருவது. பெயரில் இருக்கும் 'குஷ்டம்' இரண்டையும் ஒன்றாக்கி, பல கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறது.

வெளிறிய திட்டுக்கு இந்த இரண்டைத் தவிரவும் காரணங்கள் உண்டு. வியர்வைக் காலத்தில் வரும் தேமல், பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாகத் தெரியும் வறட்சித் திட்டு, ஆறிய புண்ணின் தடம், ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசியதால் வெளுத்த தோல் என்று வரிசை நீளும். வெறுங்கண்ணுக்கு இவற்றில் பலவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மருத்துவரின் மேசையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: கைக்குள் அடங்கும் டெர்மாஸ்கோப், ஊதா ஒளி தரும் உட்ஸ் விளக்கு, தோலைச் சுரண்டி எடுக்க ஒரு பிளேடும் கண்ணாடிச் சில்லும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வியை எதனிடம் கேட்பது, எதை முதலில் கேட்பது என்பதில் இருக்கிறது வேலை.

கருவியைத் தொடுவதற்கு முன் மருத்துவர் ஒரு சின்னக் காரியம் செய்கிறார். திட்டின் இருபுறமும் இரண்டு விரல்களை வைத்துத் தோலை மெல்ல விரிக்கிறார். அதுவரை வழவழப்பாக இருந்த இடத்தில் தவிடு தூவியதுபோல நுண்ணிய செதில்கள் எழும்புகின்றன. வெண்புள்ளியில் செதில் இருக்காது; தேமலில் இருக்கும். பாதிச் சந்தேகம் இங்கேயே விலகுகிறது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசிப் பூசித் தேய்த்த தோல் எதை வேண்டுமானாலும் காட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் டெர்மாஸ்கோப்பை எடுக்கிறார். பார்வைக்கு நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்சைப் போன்றது. பத்து மடங்கு பெரிதாக்கும். அதே அளவு பெரிதாக்கும் சாதாரண லென்சு போதாதா என்று கேட்கலாம். போதாது. பகலில் தெருவிலிருந்து கண்ணாடி சன்னலைப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஆள் தெரிவதில்லை, எதிர்வீடுதான் தெரிகிறது. தோலின் மேலடுக்கும் அப்படித்தான், விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அடித்துவிடும். அந்தப் பளபளப்பை ஒழித்தால்தான் உள்ளே இருக்கும் நிறமியும் ரத்தக்குழாயும் தெரியும். அதற்கு இரண்டு வழிகள். தோலின் மேல் எண்ணெயோ, ஸ்பிரிட்டோ, ஸ்கேன் எடுக்கும்போது தடவும் ஜெல்லோ ஒரு சொட்டு விட்டுக் கருவியின் கண்ணாடியை அதன் மேல் பதிப்பது ஒன்று. ஒளியை ஒரே திசையில் அதிரச் செய்யும் போலராய்டு வடிகட்டிகளைக் கருவிக்குள்ளேயே பொருத்துவது இன்னொன்று. இந்த வழியைத் தோல் நோய்களுக்கு விரிவாகப் பயன்படுத்தி 'டெர்மடோஸ்கோப்பி' என்ற பெயரையும் 1920-இல் வைத்தவர் மியூனிக்கில் பணிபுரிந்த யோஹன் சாஃபியர். பின்னாளில் மேலைநாடுகளில் இது மச்சத்துக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயைத் தேடும் கருவியாகப் பெயர் பெற்றது. நம் ஊரில் அதற்கு வேலை வேறு: நிறமாற்றம், தொற்று, முடி உதிர்வு, சொறி.

மாநிறமான தோலை டெர்மாஸ்கோப்பில் பார்த்தால் பழுப்பு நூலால் பின்னிய மீன்வலை போன்ற அமைப்பு தெரியும். மாணவியின் தோளில் மருத்துவர் பார்க்கும்போது திட்டுக்கு வெளியே வலை அழுத்தமாக இருக்கிறது. உள்ளே மங்குகிறது, ஆனால் அறவே போகவில்லை. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. சிமெண்டுத் தரையில் கோலத்தைக் கூட்டிய பிறகும் கீறல்களில் மட்டும் மாவு தங்கியிருக்குமே, அதுபோலத் தோலின் நுண்ணிய வரிகளுக்குள் வெள்ளைச் செதில் படிந்திருக்கிறது. வரிகளில் செதில், மங்கிய வலை. தேமலுக்கு உரிய காட்சி.

வெண்புள்ளியாக இருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அன்று காலை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பேருந்து நடத்துநரிடம் அது தெரிந்தது. அவர் விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் முழங்கையிலும் பால் வெள்ளையில் திட்டுகள். முழங்கைத் திட்டில் வலை சுத்தமாக இல்லை. அந்த வெள்ளைப் பரப்பில் ஒவ்வொரு முடியின் அடியிலும் பழுப்புப் பொட்டு மட்டும் மிச்சமிருந்தது. நிறமி செல்களின் கையிருப்பு முடிவேர்களில்தான் இருக்கிறது. சிகிச்சையில் நிறம் திரும்பும்போதும் அங்கிருந்தே புள்ளி புள்ளியாகத் திரும்பும். அதனால் இந்தப் பொட்டு நோயின் பெயரைச் சொல்வதோடு, திட்டு இன்னும் முற்றவில்லை என்றும் சொல்கிறது. விரல் நுனியில் முடியே கிடையாது. அங்கே நிறம் திரும்புவது கடினம் என்பதற்கும் அதுவே காரணம். நோய் பரவிக்கொண்டிருக்கும்போது திட்டின் விளிம்பில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் தெரிவதுண்டு. அதற்கு இந்திய மருத்துவர்கள் வைத்த பெயர் ஜவ்வரிசித் தோற்றம். சேலத்துப் பக்கம் இதற்குப் பாடப்புத்தகப் படமே தேவைப்படாது.

அடுத்தது விளக்கு.

உட்ஸ் விளக்கு ஒரு மருத்துவர் கண்டுபிடித்ததல்ல. ராபர்ட் வில்லியம்ஸ் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிரை மட்டும் விடும் ஒரு கண்ணாடியை 1903-இல் உருவாக்கினார். முதல் உலகப் போரில் எதிரிக்குத் தெரியாமல் சைகை அனுப்ப அவர் முறைகள் உதவின. 1925-இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அந்த ஒளியில் பூஞ்சை பிடித்த தலைமுடி ஒளிர்வதைக் கவனித்தார்கள். அன்றிலிருந்து அது தோல் மருத்துவரின் சொத்து. கருவிக்குள் இருக்கும் கண்ணாடியில் நிக்கல் ஆக்சைடு கலந்திருக்கும். வெளிவரும் கதிரின் அலைநீளம் பெரும்பாலும் 365 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். சில நொடிகள் பட்டால் தோலுக்குத் தீங்கில்லை. கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

அறையின் சன்னல், கதவு, கதவடி இடுக்கு எல்லாம் மூடப்படுகின்றன. பழைய பாதரச விளக்கு என்றால் ஒரு நிமிடம் எரியவிட்டுச் சூடேற்ற வேண்டும். மருத்துவரின் கண்ணும் இருட்டுக்குப் பழக வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். டியூப் லைட்டை அணைத்துவிட்டுச் சன்னல் திரையை மறந்தால் மெல்லிய ஒளிர்வு எதுவும் தெரியாது; நோய் இல்லை என்ற தவறான முடிவு வரும்.

மாணவியின் கழுத்திலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி விளக்கைப் பிடிக்கிறார் மருத்துவர். கழுத்து முழுக்கப் பச்சை கலந்த மஞ்சளாகச் சுடர்விடுகிறது. எட்டிப் பார்த்த தாய் அலறாத குறை. தேமல் கிருமியும் மஞ்சள் சாயலில்தான் ஒளிரும் என்று புத்தகம் சொல்கிறது. புதிதாகப் படித்து வந்த ஒருவர் இந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு மருந்து எழுதியிருப்பார்.

"நேத்து ராத்திரியும் மஞ்ச பூசினீங்களா?"

"காலையில குளிச்சப்பகூடப் பூசித்தான் குளிச்சா."

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் புற ஊதா ஒளியில் தானாகவே பச்சை மஞ்சளாக ஒளிரும். அது தண்ணீரில் எளிதில் கரையாது; எத்தனை குளியல் போட்டாலும் தோல் வரிகளில் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் அந்தக் கழுத்தை வைத்து விளக்கிடம் எதையும் கேட்க முடியாது. மருத்துவர் மாணவியைத் திருப்பி உட்காரச் சொல்லி முதுகைப் பார்க்கிறார். தோள்பட்டைகளுக்கு நடுவே, அவள் கை எட்டாத இடத்தில், மஞ்சள் படாத நாலைந்து திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மட்டும் மங்கிய செம்பு கலந்த மஞ்சளாகத் தெரிகின்றன. மற்றவை ஒளிரவில்லை. ஒளிர்ந்தவை, ஒளிராதவை இரண்டிலும் சுண்ணாம்பு வெள்ளை இல்லை, கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பும் இல்லை.

இந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது? தேமல் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் விளக்கில் ஒளிர்வு தெரியும். ஒளிர்ந்தால் சாட்சி வலுக்கும். ஒளிராவிட்டால் தேமல் இல்லை என்று ஆகாது. ஆனால் வெண்புள்ளி விஷயத்தில் விளக்கு அதிகத் தெளிவாகப் பேசும். தோலின் நிறமி ஒரு திரைச்சீலை மாதிரி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். நிறமி முழுவதும் போன இடத்தில் திரை இல்லை. கதிர் அடியிலுள்ள கொலாஜன் நார்கள் வரை சென்று, அவை நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்வது அப்படியே வெளியே தெரியும். அதனால்தான் நடத்துநரின் முழங்கைத் திட்டு இருட்டில் நிலாத்துண்டு போல எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்று புதிய புள்ளிகளும் கணுக்காலில் அகப்பட்டன. மாநிறத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு பகலிலேயே தெரியும்தானே என்று தோன்றலாம். சிவப்பான தோலுள்ளவர்களிடம் தெரியாது. மாநிறத்தில்கூடப் புள்ளி தொடங்கும் நிலையில் தெரியாது. நிறம் குறைந்ததா, அறவே போனதா என்ற கேள்விக்கு இந்த விளக்கைப் போல விரைவாகப் பதில் சொல்ல வேறு கருவி இல்லை.

விளக்கின் கீழ் ஏமாற்றுவது மஞ்சள் மட்டுமல்ல. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் ஒளிரும். ஆகவே வெள்ளைச் சட்டையின் நூல்பிசிறு தோலில் ஒட்டியிருந்தால் நீலப் புள்ளியாக மின்னும். சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்புகளும் சில வாசனைப் பொருள்களும் ஒளிரும். எதிர்ப்பக்கமாக, ஒளிர வேண்டியதைக் குளியல் கழுவிவிடுவதும் உண்டு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று வந்தால் விளக்கில் பவழச் சிவப்பு தெரியும். அந்த நிறத்தைத் தரும் பார்ஃபைரின் தண்ணீரில் கரைவது. மருத்துவரைப் பார்க்கப் போகிறோமே என்று நன்றாகத் தேய்த்துக் குளித்து வரும் மரியாதைக்கார நோயாளியிடம் அது தெரியாமல் போகும்.

படர்தாமரைக்கும் இந்த விளக்கு பெரிதாக உதவாது. உடம்பில் வட்ட வட்டமாகப் படரும் அந்தப் பூஞ்சை ஒளிர்வதில்லை. நாயிடமோ பூனையிடமோ இருந்து குழந்தையின் தலைக்கு வரும் ஒருவகைப் பூஞ்சை பச்சையாக ஒளிரும். இந்தியாவில் குழந்தைகளின் தலையில் மிகுதியாகக் காணப்படும் வகைகளோ பெரும்பாலும் ஒளிராது.

மூன்றாவது, சுரண்டல். இது கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்துச் செதிலைச் சுரண்டிவிட்டால் பிறகு டெர்மாஸ்கோப்புக்குக் காட்ட வரிச்செதில் இருக்காது, விளக்குக்குக் காட்ட ஒளிர்வும் இருக்காது.

மருத்துவர் முதுகுத் திட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுகிறார். எண்ணெய்ப் பசை போக வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணோக்கியில் எண்ணெய்த் துளிகள் உருண்டை உருண்டையாகத் தெரிந்து குழப்பும். 15-ஆம் எண் பிளேடைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல், மாம்பழத்தோலில் ஒட்டிய சதையை வழிப்பதுபோல வழிக்கிறார். ரத்தம் வரக் கூடாது, வலியும் இருக்காது. மாவுபோன்ற செதில் கண்ணாடிச் சில்லில் விழுகிறது. தேமலுக்குத் திட்டில் எங்கே சுரண்டினாலும் சரி. படர்தாமரைக்கு அப்படியல்ல, நடுப்பகுதி ஆறிவரும், கிருமி விளிம்பில்தான் முன்னேறிக்கொண்டிருக்கும். நடுவில் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது.

செதில் மேல் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடியை வைக்கிறார்கள். இது காரமான சரக்கு. தோலின் செதிலில் இருக்கும் கெரட்டினை அது கரைத்துக் கண்ணாடிபோல ஆக்கிவிடும். பூஞ்சையின் சுவர் கெரட்டின் அல்ல என்பதால் அது கரையாமல் நிற்கும். வைக்கோற்போரைக் கரைத்துவிட்டு உள்ளே தொலைந்த ஊசியை மட்டும் மிச்சம் வைப்பது போல. தோல் செதிலுக்குப் பத்து முதல் இருபது நிமிடம் போதும். அவசரமென்றால் தீக்கு மேலே லேசாகக் காட்டலாம். கொதித்தால் படிகங்கள் தோன்றி எல்லாவற்றையும் மறைத்துவிடும். நகத்துண்டு என்றால் கரைசலின் வலுவைக் கூட்ட வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கழுத்திலிருந்தும் கொஞ்சம் சுரண்டியிருந்தார் மருத்துவர். அந்தச் சில்லில் கரைசல் பட்ட இடம் மெல்லச் சிவக்கிறது. சோதனைக்கூடப் பெண் திகைக்கவில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கும் அதே வித்தைதான். இங்கே சுண்ணாம்புக்குப் பதில் வேறொரு காரம்.

நுண்ணோக்கியில் முதலில் பத்து மடங்கு லென்சில் இடம் தேட வேண்டும், பிறகு நாற்பது. ஒளியைக் குறைத்து வைப்பதுதான் இதில் கைப்பழக்கம். வெளிச்சம் அதிகமானால் நிறமற்ற பூஞ்சை பின்புலத்தில் கரைந்துபோகும். முதுகுச் செதிலில் குட்டையான, வளைந்த இழைகளும், நடுநடுவே கொத்துக் கொத்தாக உருண்டைகளும் தெரிகின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு இத்தாலிய உணவு ஒன்றை உவமை சொல்லும். பிய்த்துப் போட்ட இடியாப்பத்தின் மேல் வெள்ளைக் கொண்டைக்கடலையைக் கொட்டியது போல என்றால் நமக்குப் புரியும். இது மலசீசியா. எல்லோருடைய தோலிலும் உருண்டையாக, எண்ணெய்ப் பசையை உண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் குடியிருப்பது. வெக்கையும் வியர்வையும் கூடும்போது இழையாக நீண்டு தேமலாகிறது. உருண்டை மட்டும் தெரிந்தால் நோய் என்று சொல்ல முடியாது; குட்டை இழையும் சேர்ந்து தெரிய வேண்டும்.

பார்த்துப் பழகாத கண் இங்கேயும் வழுக்கும். தோல் செல்களின் ஓரங்கள் வலைபோலச் சேர்ந்து இழையைப் போலவே தோன்றும். ஆனால் அவை ஒவ்வொரு செல்லின் எல்லையோடும் வளைந்து வளைந்து போகும். உண்மையான பூஞ்சை இழை எல்லைகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும், அதன் தடிமனும் சீராக இருக்கும். பஞ்சு நூலும் காற்றுக்குமிழும் ஏமாற்றும். படர்தாமரைக்காரர் இரண்டு வாரமாகப் பூஞ்சைக் களிம்பு பூசிவிட்டு வந்தால் சில்லில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் கலவைக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் கதை தலைகீழ்: அரிப்பும் சிவப்பும் அடங்கி, விளிம்பு மங்கி, பார்வைக்குப் படர்தாமரை மாதிரியே இராது, சுரண்டினால் பூஞ்சை மண்டிக் கிடக்கும். கண் ஏமாறும் அந்த இடத்தில் பிளேடு ஏமாறாது.

ஆக, மாணவிக்குத் தேமல். விரித்தபோது எழுந்த செதில், மங்கிய வலை, சுடராத விளிம்பு, இழையும் உருண்டையும் என்று நான்கும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. மருத்துவர் கீட்டோகோனசோல் கலந்த நுரைமருந்து எழுதுகிறார். குளிக்கும் முன் உடம்பின் மேற்பகுதி முழுக்கப் பூசி, சற்றுநேரம் விட்டுக் கழுவ வேண்டும். மஞ்சளை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்கிறார். மஞ்சள் கெடுதல் என்பதால் அல்ல. அடுத்த முறை விளக்குக்கு அது குறுக்கே நிற்கும் என்பதால்.

மூன்று கருவிகளும் ஊமையாகிவிடும் திட்டு ஒன்று இருக்கிறது. முன்கையில் வெளிறிய ஒற்றைத் திட்டு, அரிப்பில்லை, வலியில்லை. விளக்கில் பார்த்தால் சுடரவில்லை, ஏனென்றால் நிறம் குறைந்திருக்கிறதே தவிர முற்றிலும் போகவில்லை. சுரண்டினால் பூஞ்சை இல்லை. டெர்மாஸ்கோப்பில் வலை கொஞ்சம் மங்கல், முடி கொஞ்சம் குறைவு. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த இடத்தில் மருத்துவர் கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, பஞ்சைத் திரித்துக் கூராக்கி நோயாளியின் கண்ணை மூடச் சொல்கிறார். "தொடுற இடத்தை விரலால காட்டுங்க." நல்ல தோலில் தொட்டால் சரியாகக் காட்டுகிறார். திட்டின் நடுவில் தொட்டால் விரல் அசையவில்லை. உணர்ச்சி இல்லாத வெளிறிய திட்டு என்றால் தொழுநோயை நினைக்காமல் இருக்க முடியாது. வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதும் உண்டு. சூடு குளிர்ச்சி அறியும் திறன்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

பஞ்சுக்கும் எல்லை உண்டு. முகத்தில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே வரும் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மிச்சமிருக்கலாம். நோயின் தொடக்கத்திலும் அப்படியே. அப்போது கை, கால், கழுத்து நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார்கள். காது மடலிலும் திட்டின் ஓரத்திலும் தோலைக் கிள்ளிப் பிடித்துச் சிறிய கீறல் போட்டு, உள்ளிருந்து வழித்தெடுத்த நீரைச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அதுவும் பிளேடு வைத்துச் சுரண்டும் பரிசோதனைதான், ஆனால் செதிலைத் தேடுவதல்ல. கிருமி தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம் என்பதால் சிலருக்குத் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பரிசோதிக்கவும் நேரும். கூட்டுமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது; வேளையில் தொடங்கினால் கையும் காலும் முடங்காமல் குணமாகும்.

ஆறு வாரம் கழித்துத் தாயும் மகளும் திரும்ப வருகிறார்கள். இந்த முறை கழுத்தில் மஞ்சள் இல்லை. தாயின் முகத்தில் குறை இருக்கிறது.

"மருந்து ஒழுங்காத்தான் போட்டோம் டாக்டரம்மா. வெள்ளை அப்படியே இருக்கே."

திட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. மருத்துவர் மறுபடியும் தோலை விரித்துப் பார்க்கிறார், செதில் எழவில்லை. சன்னலை மூடி விளக்கைக் காட்டுகிறார். செம்பு மஞ்சள் எங்கேயும் இல்லை. முதுகில் சுரண்ட முயன்றால் பிளேடில் ஒட்டுவதற்கே ஒன்றும் இல்லை. கிடைத்த துளியைக் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தால் வெறும் தோல் செல்கள்.

கிருமி அடங்கிவிட்டது, நிறம்தான் வரவில்லை. மலசீசியா இழையாக வளரும்போது நிறமி உண்டாவதைத் தடுக்கும் ஓர் அமிலத்தை வெளியிடும். கிருமி அடங்கிய பிறகும் தோல் செல்கள் பழைய வேகத்தில் நிறமியைச் செய்ய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். இது புரியாமல் வெள்ளை போகவில்லையே என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும், மருத்துவரை மாற்றுவதும், மறுபடியும் வெண்புள்ளி என்று பயப்படுவதும் வழக்கமாக நடக்கிறது. அதே திட்டு, அதே வெளிறிய நிறம். ஆறு வாரத்துக்கு முன் அது நோய், இன்று அது தடம். வித்தியாசத்தைச் சொன்னது ஒரு கண்ணாடிச் சில்லு.

மருத்துவர் சீட்டில் சுரண்டல் நெகட்டிவ் என்று எழுதுகிறார். நுரைமருந்தின் பெயரை அடித்துவிட்டு, அடுத்த மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கும்போது மாதம் ஓரிரு முறை மட்டும் போடுங்கள் என்கிறார். தேமல் திரும்பத் திரும்ப வரும் பழக்கமுள்ளது. தாய்க்கு இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. மருத்துவர் நுண்ணோக்கியில் முதலில் பழைய படத்தையும் பிறகு புதிய சில்லையும் காட்டுகிறார். தாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். "இதுல ஒண்ணுமே இல்லையே" என்கிறார்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் மருத்துவர். மகள் துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.